பையைத் தூக்கிப் பார்த்தீர்களா? நாற்றுப்பண்ணைக் கேள்வி-பதில்

தண்ணீர் டேங்கருக்கே லாபம் எல்லாம் போகிறது. 3,000 பை இருக்கிறது. கோடையில் வாரம் இரண்டு டேங்கர், ஒன்று 6,000 லிட்டர், 1,500 ரூபாய். எப்படிக் குறைப்பது? (தேவகோட்டை)

பை என்ன அளவு என்று எழுதவில்லை. 6-க்கு 8 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். வாரம் 12,000 லிட்டர் என்றால் ஒரு பைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 570 மில்லி ஆகிறது. அந்தப் பைக்கு நிழல்வலைக்குக் கீழே உச்சிக் கோடையிலும் கால் லிட்டர் தாராளம். மீதி பைகளுக்கு இடையில் ஓடி, பாதையில் கோரையை வளர்க்கிறது. பைகளை இடைவெளி விடாமல் பாத்தியில் நெருக்கி அடுக்குங்கள். சின்னப் பையையும் பெரிய பையையும் கலக்காதீர்கள். வெறும் ஓஸை விரலால் அமுக்கிப் பீய்ச்சாமல், பூவாளித் தலை மாட்டிக் காலையில் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் வரிசைக்கு நாலு பையைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் அந்த வரிசையை விட்டுவிடலாம். வாரம் ஒரு டேங்கர் மிச்சமாகும், மாதத்துக்கு 6,000 ரூபாய்.

பப்பாளி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. என்ன மருந்து? (புதுவயல்)

முதல் மருந்து, தண்ணீரைக் குறைப்பது. மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். சாய்ந்த நாற்றுகளை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அதே மண்ணில் மறுபடி விதைக்காதீர்கள்.

கடியத்திலிருந்து சித்திரையில் 200 குரோட்டன்ஸ், இட்லிப்பூச் செடி இறக்கினேன். தினமும் தண்ணீர் விட்டும் 70 செடி போய்விட்டது. சரக்கே மோசமா? (காரைக்குடி)

இந்த ஒரு கேள்வி எனக்கு வருஷம் தவறாமல் வருகிறது, வருஷம் தவறாமல் எரிச்சலும் வருகிறது. சரக்கு மோசமில்லை. நீங்கள் ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போகவில்லை.

கடியம் ராஜமுந்திரிக்குப் பக்கம், கோதாவரி வண்டல் பூமி. அங்கிருந்து வரும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அந்த ஊர் ஈரத்தில் அது மெத்தென்று இருக்கும். நம் செம்புறாங்கல் பூமியின் சித்திரை வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் செங்கல்தான். அப்புறம் என்ன ஊற்றினாலும் உருண்டையைச் சுற்றி வழிந்து பைத் துளை வழியே வெளியே போய்விடும். மேலே ஈரம், உள்ளே வறட்சி. இலை வாடுவதைப் பார்த்து இன்னும் ஊற்றுவீர்கள். காய்ந்து செத்த செடியைத் தண்ணீர் அதிகமாகிச் செத்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. ஊற்றிய பிறகு பையைத் தூக்கிப் பாருங்கள். கனம் ஏறவில்லை என்றால் உள்ளே நனையவில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை உருண்டைக்குள் குத்துங்கள், இறங்காது. அப்படிப்பட்ட பையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும் வரை வைத்து எடுங்கள். பெரிய பைக்கு மாற்றும்போது களியை முழுக்க உதிர்க்காதீர்கள், வேர் அறுந்துவிடும். பக்கவாட்டில் நாலு கீறல் போட்டு, செம்மண்ணும் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்த நம் கலவையைச் சுற்றி இறுக்குங்கள். மூன்று வாரம் நிழலில் கிடக்கட்டும். புதுத் துளிர் வராமல் விற்காதீர்கள்.

உங்கள் கணக்கையும் பார்ப்போம். வண்டி வாடகையோடு செடி 45 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். 200 செடிக்கு 9,000. பிழைத்த 130 செடி மேல் அதைப் போட்டால் ஒன்று 69 ரூபாய். நீங்கள் விற்பதோ 80. மிஞ்சிய 11 ரூபாயில் தண்ணீரும் கூலியும் நிழல்வலையும். இதே சரக்கை ஆவணி கடைசியில் இறக்கியிருந்தால் மழைக்குள் வேர் பிடித்திருக்கும், தையில் ஊருக்கு வரும் வீட்டுக்காரர்கள் முற்றத்துக்கு வாங்கிப்போவார்கள். சித்திரையில் லோடு இறக்காதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

போர் தண்ணீர் உப்பு. பை விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, இலை நுனி கருகுகிறது. (பள்ளத்தூர்)

ஒரு தடவையாவது பைத் துளையில் வழியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவுங்கள், மழைத் தண்ணீராக இருந்தால் நல்லது. நம் வீடுகளில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்தவர்கள் நம் பெரியவர்கள். உங்கள் ஷெட் கூரைக்கும் ஒரு தகரக் குழாய் போட்டுத் தொட்டிக்கு விடுங்கள். அந்தத் தண்ணீரை விதைப்பாத்திக்கும் பதியனுக்கும் மட்டும் வையுங்கள். அரளியும் காகிதப்பூவும் போர் தண்ணீரை ஓரளவு தாங்கும்.

மரக்கன்று ஐப்பசியில் நிறையக் கேட்கிறார்கள். புரட்டாசியில் விதைத்தால் போதுமா? (கானாடுகாத்தான்)

போதாது. கன்று ஒன்றரை அடி இருந்தால்தான் வாங்குகிறார்கள். மாசி, பங்குனியில் விதைத்திருக்க வேண்டும். வேம்புக்கு அது பொருந்தாது. அதன் விதை பழம் விழுந்த சில வாரங்களில் முளைப்பை இழந்துவிடும். ஆனி, ஆடியில் பொறுக்கி உடனே போடுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

போன வருஷம் விற்காமல் நின்ற மாங்கன்றை இந்த வருஷம் தள்ளிவிடலாமா? (காரைக்குடி)

பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். அடியில் சுருண்டு வளையமாகி இருந்தால் விற்காதீர்கள். நட்டவர் மூன்று வருஷம் கழித்து உங்களைத் தேடி வருவார், வாங்க அல்ல.