மேலாளர் சொல்வது சலுகையா, இழுத்தடிப்பா?

"மார்ச் 3 அன்று ராஜினாமா கொடுத்தேன், ஒரு மாத நோட்டீஸ். 'கடைசி நாளை அனுசரித்துக்கொள்ளலாம், மாற்று ஆள் வந்ததும் பேசுவோம்' என்று மேலாளர் பதில் போட்டிருக்கிறார். நம்பலாமா?"

அந்தப் பதிலில் தேதியே இல்லை, கவனித்தீர்களா? "மாற்று ஆள் வந்ததும்" என்பது உங்கள் கையில் இல்லாத நிபந்தனை. ஆள் வர மூன்று மாதம் ஆனால் அனுசரிப்பது நீங்கள்தான். உண்மையிலேயே விட்டுக்கொடுப்பவர் "ஏப்ரல் 10 வரை இருக்க முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை" என்று தேதியோடு கேட்பார், இல்லையென்றால் நோட்டீஸைக் குறைக்க முன்வருவார்.

சிங்கப்பூரில் ராஜினாமாவை முதலாளி மறுக்க முடியாது. கொடுத்த நாளும் கணக்கில் சேரும், ஆகவே உங்கள் கடைசி நாள் ஏப்ரல் 2. அதற்கு மேல் இருப்பது நீங்கள் செய்யும் உதவி.

சோதித்துப் பார்க்க இன்றே மின்னஞ்சல் போடுங்கள், மனிதவளப் பிரிவுக்கும் நகல் வையுங்கள்: "என் கடைசி வேலை நாள் ஏப்ரல் 2. மார்ச் 20க்குள் ஒப்படைப்புக் குறிப்புகளைத் தருகிறேன். மிச்சமுள்ள ஆண்டு விடுப்பை நோட்டீஸில் கழித்து முன்னதாகக் கிளம்ப முடியுமா?" விடுப்பைப் பற்றி நேரடியான பதில் வந்தால், அது "முடியாது" என்றாலும்கூட, பேசக்கூடிய மனிதர். தேதியைத் தொடாமல் "டீம் பாவம்", "காப்பி குடிக்கலாம் வாங்க" என்றே வந்தால் அழுத்தம்தான். காப்பி குடிக்கலாம், தப்பில்லை. பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

புது வேலையில் சேரும் தேதியை மட்டும் இதற்காகத் தள்ளிவைக்காதீர்கள்.