நிறுவனருக்கு ஒரு சின்னக் கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் 4 ஆண்டுகளாக வெப் டெவலப்பராக இருக்கிறேன். மளிகைக் கடைகளுக்கு பில் போடும் செயலி செய்யும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர ஆசை. மொத்தமே ஐந்து பேர்தான். ஆள் தேவை என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. நிறுவனருக்கு நேரடியாக எழுத உட்கார்ந்தால், மரியாதையாக எழுதும்போது விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது, சகஜமாக எழுதினால் விளையாட்டுத்தனமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

க., கோவை

அன்புள்ள க.,

தாராளமாக எழுதுங்கள். ஆனால் எழுதும் முன் அந்தச் செயலியில் தமிழில் ஒரு பில் போட்டு, அதை பிடிஎஃப்பாக இறக்கிப் பாருங்கள். இதுபோன்ற செயலிகள் பலவும் தடுக்கி விழும் இடம் அது. பிடிஎஃப் உருவாக்கும் சில நிரல்களுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. உள்ளே சேமித்திருக்கும் வரிசையிலேயே குறிகளை அடுக்கிவிடும். ‘தேங்காய்’ என்று அடித்தால், த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். திரையில் சரியாகத் தெரிவதால் செய்தவர்கள் கண்ணில் படாது, பில்லை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் கண்ணில்தான் படும்.

அப்படி ஒன்று கிடைத்தால், அதே பில்லை நீங்கள் சரியாக வரவழைத்துப் பாருங்கள். பில்லை வலைப்பக்கமாக அமைத்து, குரோம் வழியாக பிடிஎஃப் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் செயலியில் தமிழில் பில் போட்டுப் பார்த்தேன். பிடிஎஃப்பில் ‘தேங்காய்’ உடைந்து வருகிறது, படம் இணைத்திருக்கிறேன். குரோம் வழியாக எடுத்தபோது சரியாக வந்தது, அந்தப் படமும் இருக்கிறது. நான் கோவையில் 4 ஆண்டுகளாக வெப் டெவலப்பர். உங்களோடு வேலை செய்ய விருப்பம். இந்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா?”

இவ்வளவு போதும். சகஜமாக இருக்கிறது, ஏனென்றால் பயன்படுத்தியவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. நம்பும்படியும் இருக்கிறது, ஏனென்றால் நிறுவனரே ஒரு பில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘ஆர்வமும் கடின உழைப்பும் உள்ளவன்’ என்பதை எப்படிச் சரிபார்ப்பார்? ரெஸ்யூமே அவர் கேட்டபின் போகட்டும். செயலி முழுவதையும் மாற்றச் சொல்லும் யோசனைப் பட்டியலும் வேண்டாம். அதில் பாதியை அவர்கள் ஏற்கெனவே யோசித்து, பணமோ ஆளோ இல்லாமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒருவேளை பில் ஒழுங்காகவே வந்துவிட்டால், குறை தேடி அலையாதீர்கள். இதை எப்படிச் செய்தீர்கள் என்றே கேளுங்கள். அந்தச் சிக்கல் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

மாலை நேரத்தில் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று மட்டும் ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். பல ஐ.டி. நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை உண்டு, முதலில் உங்களுடையதைப் படித்துவிடுங்கள். மெயிலும் சொந்த முகவரியிலிருந்தே போகட்டும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் மூன்று மாதம் என்பது பெரிய காத்திருப்பு, முடியுமா முடியாதா என்று அவர் அப்போதே சொல்லிவிடுவார்.