கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் திடீர்த் தலைவலி, வியர்வை, பிபி ஏற்றம்

கேள்வி: அண்ணனுக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. சில நேரம் திடீரென்று தலைவலி, முகம் சிவந்து வியர்வை, பிபி ஏறுகிறது. வீட்டில் என்ன செய்வது?

உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். ரத்தம் காலுக்கு இறங்கினால் பிபியும் கொஞ்சம் இறங்கும். வயிற்றுப் பட்டை, பெல்ட், இறுக்கமான சாக்ஸ் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள்.

நீங்கள் சொல்வது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா போலத் தெரிகிறது. மார்புப் பகுதியின் 6-வது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வரும். காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் ரத்தக்குழாய்கள் சுருங்கி பிபி ஏறும். ‘போதும்’ என்று மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. இவர்களுடைய வழக்கமான மேல் அளவே 90 முதல் 110-தான். அதனால் 140 என்று காட்டினால் ‘நார்மல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வழக்கத்தைவிட 20 முதல் 40 கூடினாலே அது ஆபத்தின் அறிகுறி.

காரணத்தைத் தேடும்போது முதலில் சிறுநீர்ப்பை. பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நான் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு வழக்கமாக 100/60. அன்று 164/96, தலை வெடிக்கிறது என்றார். யூரின் பையில் வெகுநேரமாக ஒன்றும் இறங்கவில்லை. தொடைக்கடியில் மடிந்திருந்த ட்யூபை நேராக்கியும் பயனில்லை. உள்ளே கசடு அடைத்திருந்தது. உடல் சூட்டில் இருந்த சலைன் 10 மி.லி. மெதுவாக விட்டோம், அதுவும் திரும்பவில்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஜெல்லி போட்டு, சில நிமிடம் பொறுத்து கதீட்டரை மாற்றியதும் சிறுநீர் வந்தது, தலைவலியும் தணிந்தது. இந்த நேரத்தில் அடிவயிற்றை அழுத்தவோ தட்டவோ கூடாது. பிபி இன்னும் எகிறும்.

சிறுநீர்ப்பையில் குறை இல்லையென்றால் மலக்குடல். இங்கே அவசரம் வேண்டாம். விரல் வைப்பதே பிபியை ஏற்றும். மேல் அளவு 150-க்கு மேல் இருந்தால் முதலில் மருத்துவர் சொன்ன மருந்து, பிறகுதான் இது. அதே ஜெல்லி தடவி, குறைந்தது 2 நிமிடம் காத்திருந்து, மலம் அடைத்திருக்கிறதா என்று விரலால் மெதுவாகப் பாருங்கள். வலி உணராதவர்தானே என்று ஜெல்லியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர் உணராவிட்டாலும் அவருடைய நரம்புகள் உணர்கின்றன.

அப்புறம் தோல்: வால் எலும்பு, குதிகால், உள்வளர்ந்த கால் நகம், துணி மடிப்பு, பேண்ட் பட்டன். அடியில் கிடக்கும் ஒரு பேனா மூடிகூடப் போதும்.

மறுபடி வராமலிருக்க, அவ்வப்போது கதீட்டர் போட்டு எடுப்பவராக இருந்தால் 4 முதல் 6 மணிக்கொருமுறை போடுங்கள். ஒருமுறைக்கு 500 மி.லி.க்கு மேல் சேரக்கூடாது. மலம் கழிக்க தினமுமோ ஒருநாள் விட்டோ ஒரே நேரம், சாப்பிட்ட அரைமணிக்குள் வைத்தால் குடல் தானே ஒத்துழைக்கும். படுக்கையில் 2 மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்து, காலையும் இரவும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் எடுத்தும் மறையவில்லை என்றால் அதன்மேல் படுக்கவிடாதீர்கள்.

காரணம் தெரியவில்லை, அல்லது பிபி இறங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. இறங்கினாலும் 2 மணி நேரம் கவனியுங்கள், திரும்ப ஏறலாம். போகும்போது அவருடைய வழக்கமான பிபியை எழுதி எடுத்துப்போங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதோடு பிபியை இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்து சேர்ந்தால் பிபி ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.