ரீச்சி மாஜோங்: எதை வைப்பது, எதை வீசுவது?

இந்த ஜப்பானிய டைல் ஆட்டத்தில் என் கை இது: வட்டம் 2‑3‑4, 6‑7. மூங்கில் 3‑4, 8‑8. மான் என்ற எழுத்து வகையில் 4‑5‑6, 8‑9. பதினாலு டைல். எதை விடலாம்? மான் 7 வந்தால் இன்னொரு தொடர் ஆகுமே என்று 8‑9ஐ வைத்திருக்கிறேன்.

மான் 9. ஜெயிக்க மூன்று மூன்று டைலாக நான்கு செட்டும் ஒரு ஜோடியும் போதும், அதாவது ஐந்து துண்டு. உங்கள் கையில் ஆறு இருக்கிறது. 8‑9க்கு 7 மட்டுமே உதவும், அது மொத்தமே நான்கு டைல். வட்டம் 6‑7க்கு 5, 8 இரண்டுமே ஆகும். மூங்கில் 3‑4க்கு 2, 5. ஆக 16 டைல் உங்களை ரெடி ஆக்கும், அதாவது இன்னும் ஒரே டைல் வந்தால் ஜெயிக்கும் நிலைக்குக் கொண்டுவரும். 8‑9க்காக வட்டம் 6‑7ஐ உடைத்தால் அது 12 ஆகக் குறைந்துவிடும். 8ஐ இன்னும் ஒரு சுற்று வைத்திருங்கள்: 7 வந்தால் 4‑5‑6‑7‑8 என்று நல்ல வடிவம் கிடைக்கும்.

எதிராளி ரீச்சி சொல்லிவிட்டார், அதாவது தான் ரெடி என்று அறிவித்துவிட்டார். அவர் வட்டம் 1 வீசியிருக்கிறார், அதனால் 4 பத்திரம்தானே? 1‑4‑7 கணக்கு.

கணக்கு பாதி சரி. 5‑6 வைத்து 4‑7க்குக் காத்திருப்பவருக்கு 1 வீசியது ஒரு தடையும் இல்லை. 4 ஓரளவு பத்திரமாக வேண்டுமென்றால் 1, 7 இரண்டும் அவர் முன்னால் கிடக்க வேண்டும்.

திருப்பிப் போட்டால் கணக்கு வேலை செய்யும். அவர் 4 வீசியிருந்தால், 2‑3 வைத்து 1க்கும் 5‑6 வைத்து 7க்கும் காத்திருக்க முடியாது. காத்திருக்கும் டைல்களில் ஒன்றைத் தானே வீசியவர் பிறர் வீசுவதில் ஜெயிக்கக் கூடாது. ஆனால் 1ம் 7ம் சமமல்ல. 7ஐ 6‑8 நடுவிலோ 8‑9 ஓரத்திலோ பிடிக்கலாம். 1க்கு ஜோடி, ஒற்றைக் காத்திருப்பு மட்டுமே. அதனால் முதலில் 1. முழுப் பத்திரம் என்பது அவரே வீசியதும், ரீச்சிக்குப் பிறகு மற்றவர்கள் வீசி அவர் விட்டதும்தான். கையில் அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

நான் சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகளோடு ஆடுகிறேன். அவர் வீசியதையே வீசினேன், ஜெயித்துவிட்டார்! ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, வேறு ஆட்டம். மேலே சொன்னது ஜப்பானிய விதி. டைல்களை நடுவில் குவித்து ஆடும் மேஜைகள் பலவற்றில் அது கிடையாது. யார் எதை வீசினார் என்பதே அங்கே தெரியாது. ஆன்ட்டிகளிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே எண்ண வேண்டியது வேறு: நான்கு 8ம் கண்ணில் பட்டுவிட்டால் 9ஐ எந்தத் தொடரும் கேட்க முடியாது. இது எந்த மேஜையிலும் செல்லும்.

ஒரு டைல் வந்தால் நானும் ரெடி. அப்போதும் பின்வாங்க வேண்டுமா?

இதில் ஒரே பதில் இல்லை. மலிவான கை, இரு பக்கமும் திறக்காத வடிவம் என்றால் நான் உடைத்துவிடுவேன். கை பெரிதென்றால் ஒரு ஆபத்தான டைலைத் தள்ளிப் பார்ப்பேன்; அதுவே தப்பு என்பவர்களும் உண்டு.