இருக்கிற மூலிகமும் உடைகிற மூலிகமும்

வணக்கம் சேர்,

மகள் தரம் 11. வகுப்பில் கொடுத்த டியூட்டில் முப்பது சமன்பாடுகள். சமப்படுத்தி, பக்கத்தில் தாக்கத்தின் வகையையும் எழுத வேண்டும். முதல் பக்கத்தை மளமளவென்று முடித்துவிட்டாள். அடுத்த பக்கத்தில் Pb(NO₃)₂ → PbO + NO₂ + O₂ என்பதில் மாட்டிக்கொண்டு, அழித்தழித்துத் தாளே கிழிந்துவிட்டது. நான் வர்த்தகம் படித்தவள், உதவத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிக் கணக்குகள்தானே, இது மட்டும் ஏன் வரவில்லை?

ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய படத்தில், முதல் பக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது:

Pb(NO₃)₂ + 2KI → PbI₂ + 2KNO₃

மகள் இங்கே நைதரசனையும் ஒட்சிசனையும் தனித்தனியே எண்ணவில்லை. NO₃ இடப்பக்கம் இரண்டு, ஆகவே வலப்பக்கமும் இரண்டு என்று முழுசாக எண்ணியிருக்கிறாள். அது சரியான வழி, வேகமான வழியும்கூட. இரட்டை இடப்பெயர்ச்சியில் ஈயமும் பொற்றாசியமும் சோடியை மாற்றிக்கொள்கின்றனவே தவிர, NO₃ என்ற நைத்திரேற்று மூலிகம், அதாவது ஒன்றாகவே நகரும் அணுக்கூட்டம், அப்படியே இருக்கிறது.

அடுத்த பக்கத்திலும் அதே ஈய நைத்திரேற்றுத்தான். ஆனால் வலப்பக்கத்தில் NO₃ எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. சூடாக்கியதும் மூலிகம் உடைந்து, கபில நிற NO₂ வாயுவாகவும் ஒட்சிசனாகவும் போய்விட்டது. இல்லாத ஒன்றைத் தேடியதால்தான் தாள் கிழிந்திருக்கிறது. இந்த இடத்தில் பழைய வழியை விட்டுவிட்டு அணு அணுவாக எண்ண வேண்டும்.

ஈயம் இரு பக்கமும் ஒன்று. நைதரசன் இடப்பக்கம் இரண்டு, ஆகவே 2NO₂. இனி ஒட்சிசன்: இடப்பக்கம் 6. வலப்பக்கம் PbO-வில் 1, 2NO₂-வில் 4, O₂-வில் 2, ஆக 7. ஒன்று கூடிவிட்டது. மகள் இங்கேதான் O₂-வில் உள்ள 2-ஐ அழித்து O என்று எழுதியிருக்கிறாள். எண்ணிக்கை 6 ஆகிவிடும், பார்வைக்குச் சமப்பட்ட மாதிரியும் இருக்கும். ஆனால் புள்ளி கிடைக்காது. வெளியேறுவது O₂ மூலக்கூறுகளாலான வாயு. அடியில் உள்ள எண்ணைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். முன்னால் போடும் எண்ணை மட்டுமே மாற்றலாம்.

PbO-வும் 2NO₂-வும் தரும் 5 போக, O₂-விலிருந்து நமக்கு வேண்டியது ஓர் ஒட்சிசன் அணு மட்டுமே, அதாவது ½O₂. தற்காலிகமாக அப்படியே எழுதி, பிறகு முழுச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள்:

2Pb(NO₃)₂ → 2PbO + 4NO₂ + O₂

ஒட்சிசன் இடப்பக்கம் 12. வலப்பக்கம் 2 + 8 + 2, அதுவும் 12. (இதை வீட்டில் சூடாக்கிப் பார்க்க வேண்டாம். ஈயமும் நஞ்சு, அந்தக் கபில வாயுவும் நஞ்சு.)

மகள் முப்பதையும் சமப்படுத்தி முடித்த பிறகுதான் வகையை எழுதப் பார்க்கிறாள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வகையைச் சொல்ல எண்கள் தேவையில்லை. இடப்பக்கம் ஒரே பொருள் என்றால் பிரிகை. வலப்பக்கம் ஒரே பொருள் என்றால் சேர்க்கை. ஒரு மூலகமும் ஒரு சேர்வையும் தாக்கி, மூலகம் இடம் பிடித்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரு சேர்வைகள் சோடி மாறினால் இரட்டை. பென்சிலால் வகையைக் குறித்துவிட்டு, இடப்பக்கத்து மூலிகம் வலப்பக்கமும் அப்படியே நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கட்டும். நின்றால் முழுசாக எண்ணலாம், உடைந்திருந்தால் அணு அணுவாக.

வகையை மட்டும் நம்பி இந்தப் பார்வையை விட்டுவிடவும் கூடாது. CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂ சோடி மாறுவது போலத்தான் தொடங்குகிறது, ஆனால் CO₃ வலப்பக்கத்தில் இல்லை. மாறாக, Na + H₂O → NaOH + H₂ என்பதில் மூலிகம் இடப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. நீரை HOH என்று எழுதிப் பாருங்கள். OH முழுசாக எண்ணப்படும். வெளியேறும் H₂-வுக்கு இரண்டு HOH வேண்டும், ஆகவே 2NaOH, 2Na. பிள்ளைகள் பத்து நிமிடம் மல்லுக்கட்டுகிற கணக்கு இப்படி இரண்டு வரியில் முடிந்துவிடும்.

டியூட்டின் கடைசியில் CH₄ + 2O₂ → CO₂ + 2H₂O இருக்கிறது. மகள் அதற்கு ‘ஒற்றை இடப்பெயர்ச்சி’ என்று எழுதியிருக்கிறாள். ஒட்சிசன் மூலகம், மெதேன் சேர்வை என்று பார்த்திருப்பாள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே ஒட்சிசன் ஒன்றை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமரவில்லை. காபனோடும் சேர்கிறது, ஐதரசனோடும் சேர்கிறது. தனியாக வெளிவரும் மூலகம் எதுவும் வலப்பக்கத்தில் கிடையாது. இது தகனம், அந்த நான்கு பெட்டிகளில் எதிலும் அடங்காது. விடைத்தாளில் அதற்கு என்ன எழுத வேண்டும் என்று வகுப்புச் சேரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.