டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது, பார்சல் வரவில்லை: பணத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி: சார், நான் வேலூர் சத்துவாச்சாரி பேஸ் 2-ல் குடியிருக்கிறேன். ஆன்லைனில் 6,490 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி ஆர்டர் போட்டு டெபிட் கார்டில் பணம் கட்டினேன். செவ்வாய்க்கிழமை மதியம் 1.42-க்கு டெலிவரி ஆகிவிட்டதாக ஆப்பில் காட்டுகிறது. அப்போது நான் குடியாத்தத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால், ‘எங்கள் ரெக்கார்டில் டெலிவர்டு, ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார்கள். நான் வாங்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: அந்தக் கேள்வியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். கொடுத்துவிட்டோம் என்று சொல்பவர்தான் யார் கையில், எந்த வாசலில் கொடுத்தார் என்று காட்ட வேண்டும். ‘டெலிவர்டு’ என்ற அந்த ஒரு வரிக்கு, டெலிவரி செய்பவர் தன் போனில் ஒரு பட்டனைத் தட்டினார் என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. அன்றைய கணக்கை முடிக்கும் அவசரத்தில் தெருமுனையிலேயே தட்டிவிட்டு, மறுநாள் பார்சலைக் கொண்டுவந்து நீட்டுபவர்களும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டிலும் கீழ்த்தளத்திலும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். ஆனால் நாளைக்கு வந்தாலும் வரும் என்று புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். அன்றே எழுதிய புகாருக்கு இருக்கும் மதிப்பு, பத்து நாள் கழித்து எழுதியதற்கு இருக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது பி.ஓ.டி., அதாவது டெலிவரி செய்ததற்கான ஆதாரம். வாங்கியவர் பெயர் அல்லது கையெழுத்து, வாசலில் எடுத்த போட்டோ, ஓ.டி.பி. போட்ட நேரம், பட்டனைத் தட்டிய இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிரண்டு கூரியர்காரரிடம் இருக்கும். கஸ்டமர் கேரில் பேசுபவர் இதையெல்லாம் பார்ப்பது அபூர்வம். அவர் திரையிலும் உங்கள் ஆப்பில் இருக்கும் அதே வரிதான் இருக்கும். போனில் சண்டை போட்டுப் பயனில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

என்னிடம் வந்த ஒருவரின் கதை உங்களுடையது மாதிரியேதான். மூன்று வாரம் போனிலேயே அலைந்துவிட்டு வந்தார். எழுத்தில் கேட்டதும் ஒரு போட்டோவை அனுப்பினார்கள். பச்சை இரும்பு கேட், உள்ளே துளசி மாடம், படியில் அட்டைப்பெட்டி. இவர் இருப்பதோ மாடி போர்ஷன், வாசலில் கேட்டே கிடையாது. கதவு எண் ஒன்றுதான், ஆனால் போட்டோவில் இருந்தது பேஸ் 1 வீடு. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தன் வீட்டு வாசலைத் தெரு தெரிகிற மாதிரி படம் எடுத்து, அவர்கள் அனுப்பிய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினார். ஆறாம் நாள் பணம் கணக்கில் ஏறியது. உங்கள் முகவரியிலும் பேஸ், குறுக்குத் தெரு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே தப்பாகப் போட்டிருந்தால் வாதம் பலவீனம்தான்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஆப்பிலோ இணையதளத்திலோ ‘கிரீவன்ஸ் ஆபீசர்’ என்று ஒரு பெயரும் மெயில் முகவரியும் போட்டிருப்பார்கள். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள்படி அதைப் போட்டாக வேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அந்த மெயிலுக்கு இப்படி எழுதுங்கள்:

‘ஆர்டர் எண் இது. செவ்வாய் மதியம் 1.42-க்கு டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது. பார்சல் எனக்கு வரவில்லை, என் சார்பில் யாரும் வாங்கவும் இல்லை. அந்த நேரம் நான் பணியிடத்தில் இருந்தேன், வருகைப் பதிவேட்டின் நகல் இணைத்துள்ளேன். பெற்றவர் பெயர், கையெழுத்து அல்லது போட்டோ, ஓ.டி.பி. விவரம், டெலிவரி நடந்த இடத்தின் ஜி.பி.எஸ். விவரம் ஆகியவற்றை அனுப்புங்கள். இல்லையென்றால் 6,490 ரூபாயைக் கட்டிய கணக்கிலேயே திருப்பிச் செலுத்துங்கள்.’

கோபமாக ஒரு வரியும் வேண்டாம். ‘திருடிவிட்டார்கள்’ என்றும் எழுத வேண்டாம். திருட்டு என்றால் போலீசுக்குப் போங்கள் என்று ஒதுங்கிக்கொள்ள அதுவே அவர்களுக்கு வழியாகிவிடும். ஆர்டர் பக்கம், டிராக்கிங் பக்கம், அன்றைய கால் லிஸ்ட் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டெலிவரி ஆளிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட வரவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம். எதிர்வீட்டிலோ முனைக் கடையிலோ கேமரா இருந்தால் இன்றைக்கே போய், மதியம் 1.30 முதல் 2 மணி வரையிலான பதிவைக் கேட்டு வாங்குங்கள். சில நாளில் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும்.

ஓ.டி.பி. விஷயத்தில் மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். ‘மேடம், கிட்டதான் வந்துட்டேன், நம்பர் சொல்லுங்க’ என்று போனில் கேட்டு, நீங்களும் சொல்லியிருந்தால் பி.ஓ.டி. அவர்கள் பக்கம் பேசும். அப்போதும் வழி அடைபடாது. அந்த அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் எழுதி, பார்சலைக் காட்டாமலே ஓ.டி.பி. வாங்கினார் என்று சொல்லுங்கள். மறைத்துவிட்டு அது பிறகு வெளியே வந்தால் மற்ற பேச்சும் எடுபடாது.

48 மணி நேரத்தில் பதில் இல்லை, அல்லது அதே பல்லவி என்றால் 1915-க்குக் கூப்பிடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் தீர்ப்பு சொல்கிறவர்கள் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். இந்த அளவுத் தொகை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அவர்கள் தரும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கார்டில் கட்டியதால் பேங்க் வழியும் இருக்கிறது. கிளையில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று டிஸ்ப்யூட் படிவம் கொடுத்தால் சார்ஜ்பேக் கேட்பார்கள், அதாவது விற்றவர் பக்கத்திலிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக 120 நாள் கெடு உண்டு. ரூபேயின் கணக்கு வேறு, பேங்க்கே குறுகிய கெடு வைப்பதும் உண்டு, அதனால் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். நிறுவனம் மறுத்து அனுப்பிய மெயிலை அதனுடன் இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் பணம் வந்துவிட்டால் ஒன்றைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது வேலூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, e-jagriti.gov.in வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டு. ஆப் நடத்துபவர், விற்றவர், கூரியர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் பழியெல்லாம் அவர் தலையில் போய் உட்காரும்.

அப்புறம், கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்குக் கூப்பிடவே வேண்டாம். ரீஃபண்ட் தருகிறோம் என்று ஸ்க்ரீன் ஷேர் ஆப் போடச் சொல்வார்கள், இருக்கிற பணமும் போய்விடும்.

புகார் போன இரண்டொரு நாளில் திடீரென்று பார்சல் வாசலுக்கு வருவதும் நடக்கும். மிக்ஸி இன்னும் வேண்டும் என்றால் டெலிவரி ஆள் நிற்கும்போதே வீடியோ எடுத்தபடி பிரித்துப் பார்த்து வாங்குங்கள். வேண்டாம், வேறு வாங்கிவிட்டீர்கள் என்றால் கையில் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டு, அன்றே அதே மெயிலின் கீழ், இத்தனை மணிக்கு வந்தது, வாங்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.