குட்டிக்குச் சர்க்கரை இறங்கினால்

"எங்கள் டாய் பாம் குட்டிக்கு 50 நாள் ஆகிறது. நேற்று காலை எழுந்ததும் குடிகாரன் மாதிரி தள்ளாடி விழுந்தது. கொஞ்சம் தேன் நக்கியதும் சரியாகிவிட்டது. டாக்டர் லோ சுகர் என்றார். நாய்க்குட்டிக்குப் போய் எப்படி சுகர் வரும்? வீட்டில் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் சுகர் வியாதி வேறு, இது அதற்கு நேர் எதிர். இங்கே ரத்தத்தில் சர்க்கரை கூடவில்லை, தீர்ந்துபோகிறது. டாய் பாம், சிவாவா, யார்க்கி, மால்டீஸ் மாதிரி உள்ளங்கை சைஸ் குட்டிகளுக்கு நாலு மாதம் ஆகும்வரை இது வரலாம். நான் டாக்டர் இல்லை, இந்தச் சின்ன ஜாதி நாய்களைச் சில வருஷமாக வளர்ப்பவன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

காரணம் எளிமையானது. சாப்பிடாத நேரத்தில் உடம்புக்குச் சர்க்கரை கொடுப்பது ஈரல். சாப்பிட்டதில் மிஞ்சியதை அது சேர்த்து வைத்திருந்து, பசிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். அரைக் கிலோ குட்டிக்கு ஈரலே துளியூண்டு, அதில் எவ்வளவு சேரும்? இருப்பு தீர்ந்ததும் தசையையும் கொழுப்பையும் வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் உடம்பில் இல்லை, தசையிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்யும் வேலையும் அந்த வயதில் ஈரலுக்குச் சரியாகப் பழகியிருக்காது. செலவோ தாறுமாறு. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு, மூளை பெரிசு, மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் ஓடாது. ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் வளர்ந்த லாப்ரடாரைவிட ஏறக்குறைய 5 மடங்கு சாப்பாடு இதற்குத் தேவை. வரவு குறைவு, செலவு அதிகம், சேமிப்பு கிடையாது. ராத்திரி ஒரு வேளை தவறினால் காலையில் கணக்கு முட்டிவிடும். இதோடு குளிர், பயணம், புது வீட்டுப் பயம், குடல் புழு, பேதி, வீட்டுக் குழந்தைகள் மாற்றி மாற்றித் தூக்கி விளையாடுவது, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும்.

எங்கள் குட்டி 52 நாளில் வந்தது, எடை 480 கிராம். பெங்களூரிலிருந்து ராத்திரி ஏசி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை, அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம். விடியற்காலை 5 மணிக்கு வீட்டில் இறக்கிவிட்டபோது தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தோம். தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சுவரையே வெறித்துப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் கோலி உருண்ட மாதிரி விலகிப் போயின. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறியிருந்தது, காதும் பாதமும் ஜில்லென்று இருந்தன. பத்து நிமிஷத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நாலு காலையும் நீச்சல் அடிப்பது போல் இழுக்க ஆரம்பித்தது.

வீட்டில் குளுக்கோஸ் பொடி இருந்தது. அரை ஸ்பூன் பொடியில் சில சொட்டு வெந்நீர் விட்டுப் பசை மாதிரி குழைத்து, விரல் நுனியில் தொட்டு, உதட்டின் உள்பக்கமும் ஈறிலும் தடவினேன். குளுக்கோஸ் இல்லாவிட்டால் தேன், அதுவும் இல்லாவிட்டால் கெட்டியான சர்க்கரைப் பாகு. இழுப்பு வரும்போது பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள், கடித்துவிடும். நினைவில்லாத குட்டிக்கு சிரிஞ்சில் தண்ணீரோ பாலோ ஊற்றவே கூடாது, அது நேராக நுரையீரலுக்குப் போகும். தலையைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து, துளித் துளியாக, நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவினால் போதும். அந்த நேரத்தில் மனைவி வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். சூடு பண்ணுவதும் முக்கியம், ஏனென்றால் உடம்பு ஜில்லிட்டிருந்தால் குடல் வேலை செய்யாது, உள்ளே போனது ஏறாது. ஆனால் பாட்டிலை வெறுமனே ஒட்டி வைக்காதீர்கள், அசைய முடியாத குட்டிக்குத் தோல் வெந்துவிடும்.

ஏழெட்டு நிமிஷத்தில் நாக்கு வெளியே வந்து தானாக நக்கியது. அந்தக் காட்சியை இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கும் தேன் வேலை செய்திருக்கிறது, ஆனால் நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெறும் இனிப்பு சட்டென்று ஏறும், ஏறியதும் இன்சுலின் சுரந்து மறுபடி இறக்கிவிடும், அரை மணி நேரத்தில் குட்டி திரும்பவும் சாயும். அதனால் எழுந்து நின்று ஒழுங்காக விழுங்க ஆரம்பித்ததும் புரதமும் கொழுப்பும் உள்ள சாப்பாடு கொஞ்சம் கொடுத்தே ஆக வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து மசித்த பப்பி ஃபுட் ஒரு ஸ்பூன், அல்லது உப்பு போடாமல் வேகவைத்து மசித்த சிக்கன். அப்புறம் நேரே டாக்டரிடம். தடவி 10 நிமிஷம் ஆகியும் எழவில்லை என்றாலோ, இழுப்பு நிற்கவில்லை என்றாலோ, காத்திருக்காமல் தடவிக்கொண்டே ஆட்டோ ஏறுங்கள். ஈறு வழியாக ஏறுவது ரொம்பக் கொஞ்சம்தான், விழுங்க முடியாத குட்டிக்கு நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் போட்டால்தான் சரியாகும்.

ஒரு எச்சரிக்கை. 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய எதையும் கொடுக்காதீர்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் நாய்க்கு இன்சுலின் குபுக்கென்று சுரந்து, இருக்கிற சர்க்கரையும் போய்விடும். வீட்டில் இருக்கும் சுகர் மீட்டரில் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். நான் அப்பாவின் மீட்டரில் காது ஓரத்தைக் குத்திப் பார்த்தேன், 38 காட்டியது. 60-க்குக் கீழே என்றாலே குறைவுதான். ஆனால் மனிதர்களுக்கான மீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். குட்டி தள்ளாடினால் முதலில் தடவுங்கள், பிறகு குத்தலாம்.

இனி வராமல் இருக்க வழி நேரத்துக்குச் சாப்பாடு. அரைக் கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த பப்பி ஃபுட் சுமார் 30 கிராம். அதை 5 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 6 கிராம், ஒரு மேசைக்கரண்டி அளவு. ராத்திரி 11 மணிக்கு ஒரு வேளை, காலை 5 மணிக்கு ஒரு வேளை, இந்த இரண்டையும் விடாதீர்கள். நாங்கள் இரண்டு மாதம் அலாரம் வைத்து எழுந்தோம். பால் பிஸ்கட்டை மட்டும் நம்பாதீர்கள், பால் பேதியில் கொண்டுபோய் விடும், பேதி மறுபடி இதே இடத்துக்குக் கொண்டுவரும். வாங்கும்போது குட்டிக்கு எத்தனை நாள் என்று கறாராகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் நாட்டில் 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. உங்களுடையதற்கு இன்னும் அந்த வயதே ஆகவில்லை, எங்களுடையதும் அப்படித்தான் வந்தது.

ஒழுங்காகச் சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஆறு மாதம் தாண்டியும் வந்தால், அது இந்தக் குட்டிப் பருவப் பிரச்சினை இல்லை. குடல் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் சுற்றிப் போகும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு, யார்க்கி, மால்டீஸில் கொஞ்சம் அதிகம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். வாந்தி, பேதி, காய்ச்சல் கூட இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், தேன் தடவிச் சரியானதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

எங்களுடையது இப்போது இரண்டே கால் கிலோ. 5 மணி அலாரத்தை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, ஆனால் அந்த நேரத்துக்கு அது எழுந்து வந்து காலைச் சுரண்டுவது மட்டும் நிற்கவில்லை.